அத்தை அனுப்பிய பதிவுத் தபால்

வக்கீல் தொழிலில் பேர் எடுப்பது லேசான காரியம் இல்லை. சிலர் கொலை வழக்கில் பேர் எடுப்பார்கள், சிலர் சொத்து வழக்கில். நம் கதாநாயகரான வக்கீல், வழக்கைத் தள்ளிப்போட்டுத் தேதி வாங்குவதில் பேர் எடுத்தார். கோர்ட்டில் அவரைத் 'தேதி வக்கீல்' என்றுதான் சொல்வார்கள், அதுவும் அவர் காதுபடவே. அவர் கோபித்துக்கொண்டதில்லை. ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி லேசாகச் சிரித்துவிட்டு, கவுனை ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விடுவார்.

அதில் அவருக்கு ஒரு கைத்திறன் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வாய்தா கேட்கிற மற்ற வக்கீல்கள் எழுந்து நின்று கெஞ்சுவார்கள். இவர் கெஞ்ச மாட்டார். வழக்கு எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து, வழக்குக் கட்டை விரித்து, ஒரு பக்கத்தைத் திருப்பி, 'இன்றைக்கு விட்டால் இந்த வழக்குக்கு விமோசனமே இல்லை' என்பதுபோல் நீதிபதியை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு மெல்லிய குரலில், "ஒரு சின்ன விஷயம் மட்டும் சரிபார்க்க வேண்டியிருக்கு" என்பார். நீதிபதியும் அப்பாடா என்று தேதி போட்டுவிடுவார். இத்தனைக்கும் அவர் சோம்பேறி இல்லை. விடியற்காலையில் எழுந்து வழக்குக் கட்டுகளைப் படிப்பார். விஷயம் தெரிந்தவர். வாதத்தைக் குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பார், ஸ்கூட்டரில் சொல்லிப் பார்ப்பார். கோர்ட்டில் சொல்ல வேண்டிய நேரம் வந்தால் மட்டும் தொண்டை கட்டிக்கொள்ளும். சொல்லிவிட்டால் தீர்ப்பு வந்துவிடும், தீர்ப்பு வந்தால் தோற்றுப்போகலாம் என்கிற பயம். தேதி வாங்கினால் தோற்க வழியே இல்லை அல்லவா? இந்தக் கணக்கில் அவர் பாதி ஆயுளை ஓட்டிவிட்டார்.

அவர் சொல்லாமல் விட்ட வாதங்களை எல்லாம் உலகத்தில் ஒரே ஒரு ஜீவன் உட்கார்ந்து கேட்டது. அது அவர் அத்தை என்று கூப்பிடுகிற மாமியார்.

மாமியார் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த நோயாளி என்ன புலம்பினாலும் கடைசி வரை கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்கிற பழக்கம் அந்த வேலையில் வந்தது. கணவர் போன பிறகு மகள் வீட்டுக்கு வந்தார். வந்தார் என்றால் நிரந்தரமாக இல்லை. அவருக்கென்று ஒரு வீடு இருந்தது, தரைத்தளம், முன்னால் கொஞ்சம் வெறும் தரை, பின்னால் கிணறு. வேலை நிமித்தம் வெளியூரில் இருந்தபோது அதை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். திரும்பி வந்து கேட்டால், கண்ணாடிக்காரர் காலி செய்ய மாட்டேன் என்றார். வழக்குப் போட வேண்டியதாயிற்று. வீட்டிலேயே மாப்பிள்ளை வக்கீலாக இருக்கும்போது வெளியே எதற்கு?

"கேஸ் முடியிற வரைக்கும்தான் இங்க இருப்பேன்" என்று சொல்லித்தான் பெட்டியை உள்ளே வைத்தார் அத்தை. அது நடந்து எட்டு வருஷம் ஆகிறது.

சாயங்காலம் வக்கீல் கோர்ட்டிலிருந்து வருவார். மனைவி மருந்துக் கடை வைத்திருப்பவள், கடையைச் சாத்திவிட்டு வர வெகு நேரம் ஆகும். அத்தை டீ போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்காருவார். "இன்னைக்கு என்ன சொன்னீங்க?" என்று கேட்பார். வக்கீல் எழுந்து நின்றே வாதாடுவார். எதிர்த்தரப்பாரைக் கிழி கிழி என்று கிழிப்பார். கூடத்திலிருந்த மின்விசிறிகூட ஸ்தம்பித்துப் போகும். அத்தை முழுதும் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு மாப்பிள்ளை. இதைக் கோர்ட்ல சொன்னீங்களா?" என்பார். அதுதான் அந்த ஒரு கேள்வி. "அடுத்த வாய்தால சொல்லிடுவேன் அத்தை" என்பார் இவர். பிறகு இருவரும் கேரம் ஆடுவார்கள். அத்தைக்குச் சிவப்புக் காயில் தனி ஆசை. ஊரில் எல்லா மாப்பிள்ளைகளும் மாமியார் எப்போது கிளம்புவார் என்று நாள் பார்க்க, இந்த மனிதர் மாமியாருக்காக டீக்கடையைக்கூடத் துறந்து வீட்டுக்கு ஓடி வந்துகொண்டிருந்தார்.

இப்போது அந்த வழக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. 'எனக்குக் குடியிருக்க என் வீடு வேண்டும்' என்பதுதான் மனு. அதற்குக் கண்ணாடிக்காரரின் வக்கீல் போட்ட எதிருரையில் ஒரு வரி இருந்தது: மனுதாரர் தன் மருமகன் வீட்டில் சகல வசதிகளுடன் மகிழ்ச்சியாக வசித்து வருகிறார், அவருக்கு இந்த வீடு தேவையே இல்லை. வழக்கே இந்த ஒரு வரியில்தான் நின்றது. அடுத்த கட்டம் சாட்சியம். அத்தையின் பேரில் ஒரு பிரமாண வாக்குமூலம் தயாரித்துத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் என்ன எழுதுவது? 'என் மருமகன் வீட்டில் எனக்குச் சௌகரியம் இல்லை, அங்கே நான் கஷ்டப்படுகிறேன்' என்றுதான் எழுத வேண்டும். எழுத வேண்டியவர் யார்? அந்த மருமகன்.

வக்கீல் பேனாவை எடுப்பார். 'மருமகன் வீட்டில் எனக்கு' என்று எழுதுவார். மேலே கை ஓடாது. தன் வீட்டின்மேல் தானே குற்றப்பத்திரிகை எழுத எந்த மனிதனுக்கு மனசு வரும்? பேனாவை மூடுவார். சாட்சியத்துக்குத் தேதி வாங்குவார். உடம்பு சரியில்லை என்று ஒரு தடவை, அசல் ஆவணம் தேட வேண்டும் என்று ஒரு தடவை. கண்ணாடிக்காரரின் வக்கீலுக்கு இதைவிடக் கொண்டாட்டம் உண்டா? ஒவ்வொரு தடவையும் பெரிய மனசு பண்ணி, "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்.

இந்த நிலையில்தான் ஒருநாள் கோர்ட் பக்கத்தில் இருந்த வக்கீலின் ஆபீசுக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் ஒன்று வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினார். அனுப்பியவர் முகவரியைப் பார்த்தார். தன் வீட்டு முகவரி. தபால்காரர் தப்பாகக் கொண்டுவந்துவிட்டார் என்று நினைத்துக் கூப்பிடப் போனவர், கையெழுத்தைப் பார்த்துவிட்டு நின்றார். மாத்திரைச் சீட்டு எழுதிப் பழகிய சின்னச் சின்ன எழுத்து.

'மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அவர்களுக்கு. என் வீட்டை மீட்பதற்கான வழக்கில் தாங்கள் இதுவரை எனக்காக ஆஜரானதற்கு நன்றி. இந்தக் கடிதம் கிடைத்த நாள் முதல் தங்கள் பணியை முடித்துக்கொள்கிறேன். இனி என் சார்பில் ஆஜராகவோ வாய்தா கேட்கவோ வேண்டாம். அசல் வாடகை ஒப்பந்தம், வரி ரசீதுகள், நோட்டீஸ் நகல், எதிருரை உள்ளிட்ட என் வழக்குக் கட்டு முழுவதையும் என்னிடம் ஒப்படைக்கவும். வேறு வழக்கறிஞரின் வக்காலத்தில் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கையொப்பமிட்டுத் தரவும். அடுத்த விசாரணைக்கு முன்பாக இவை என் கைக்கு வர வேண்டும். இப்படிக்கு.'

அதற்குக் கீழே இன்னும் சின்ன எழுத்தில்: 'ரத்த அழுத்த மாத்திரையை இது கிடைக்கிற அன்றைக்கும் மேஜையிலேயே விட்டுவிட்டுத்தான் போயிருப்பீர்கள். மதியம் வீட்டுக்கு வந்து போடவும்.'

வக்கீல் இரண்டு தடவை படித்தார். கடிதத்தைக் குமாஸ்தாவிடம் நீட்டினார். குமாஸ்தா இருபது வருஷமாக அவருக்காகத் தேதிகளை டைரியில் ஏற்றி ஏற்றி அலுத்துப்போன மனிதர். நிதானமாகப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்காங்க சார்" என்றார்.

"அதைக் கேட்கலய்யா. இப்ப என்ன பண்றது?"

"குடுத்துட வேண்டியதுதான். கட்சிக்காரர் வேணாம்னா வேணாம்தான். ஃபைலைப் பிடிச்சு வச்சுக்க முடியாது. பீஸ் பாக்கி இருந்தாலே முடியாது, இங்க பீஸே கிடையாது."

"ஃபைல் எங்க இருக்குன்னு தேடணுமே. அதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்னு ஒரு பதில் போட்டா என்ன?"

சொல்லி வாயை மூடுவதற்குள் குமாஸ்தா வழக்குக் கட்டை மேஜைமேல் வைத்தார். தூசுகூட இல்லை. மாதா மாதம் எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவருகிற கட்டில் தூசு எப்படி இருக்கும்?

அன்றைக்கு மதியம் வக்கீல் மாத்திரைக்குப் போகவில்லை. ரோஷம். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது டீ எப்போதும்போல் வந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் மதிய மாத்திரையும் இருந்தது. அத்தை எதிரில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு என்ன சொன்னீங்க?"

வக்கீல் மாத்திரையை விழுங்கினார். "லெட்டர் வந்துச்சு அத்தை."

"வந்துதா? சந்தோஷம். ஒப்புகை அட்டை எனக்கு இன்னும் வரல."

"ஒரே வீட்ல இருந்துகிட்டு ரிஜிஸ்டர் தபாலா? வாயால சொல்லக் கூடாதா?"

"வாயால சொன்னா அதுக்கும் நீங்க ஒரு தேதி வாங்கியிருப்பீங்க மாப்பிள்ளை."

வக்கீல் டீயை ஓரமாக நகர்த்தினார். "நான் என்ன குறை வச்சேன்? சொல்லுங்க. இங்க உங்களுக்கு என்ன குறை?"

இந்தக் கேள்விக்குத்தான் எட்டு வருஷமாக அவர் பதில் எழுதியிருக்க வேண்டும் என்பது கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. அத்தை அவரைப் பார்த்தார். கோபம் இல்லை, வார்டில் காய்ச்சல் பார்க்கிற பார்வை.

"ஆபீஸ் விஷயத்தை ஆபீஸ்ல பேசிக்கலாம்" என்றார். "நாளைக்கு நேர்ல வர்றேன். வாங்க, ஒரு ஆட்டம் போடலாம்."

அன்றைக்கு வக்கீல் கேரமில் படுதோல்வி. மனைவி கடையிலிருந்து வந்ததும் அவளிடம் முறையிட்டார். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நல்லவேளை, இப்பவாச்சும் எழுதினாங்க. எங்க அம்மா இன்னும் முன்னாடியே எழுதியிருக்கணும். நானே எழுதிக் குடுக்கிறேன்னேன், வேணாம், மனசு கஷ்டப்படுவார்னு தள்ளிப் போட்டாங்க" என்றாள். பெண்டாட்டியும் எதிர்த்தரப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் அத்தை ஆபீசுக்கு வந்தார். மற்ற கட்சிக்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, முறை வந்ததும்தான் உள்ளே வந்தார். கூட வந்த பெண்ணைப் பார்த்ததும் வக்கீலுக்குச் சுருக்கென்றது. அவரிடமே ஜூனியராக இருந்தவள். "இங்க இருந்தா தேதி கேட்க மட்டும்தான் சார் கத்துக்க முடியும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போய்த் தனியாகத் தொழில் நடத்துகிறவள்.

"என்னம்மா, என் ஃபைலுக்கே வந்துட்டியா?"

"உங்க ஃபைல் இல்ல சார், அவங்க ஃபைல்" என்றாள் அவள், மரியாதையாகத்தான்.

குமாஸ்தா பட்டியல் படிக்க, அத்தை கட்டைப் புரட்டி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். அசல் வாடகை ஒப்பந்தம் இருந்தது. வரி ரசீதுகள் இருந்தன. நோட்டீசும் அதன் ஒப்புகையும் இருந்தன. எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று அத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். வக்கீல் வக்காலத்தின் ஓரத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதினார். ஆட்சேபணை தொண்டை வரை வந்து நின்றது. இருந்தாலும் கையெழுத்துப் போட்டார்.

முன்னாள் ஜூனியர் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், கதவருகே நின்று திரும்பினாள். "சார், இன்னொரு விஷயம். சாட்சிப் பட்டியல்ல உங்க பேரைப் போடப் போறேன்."

"என் பேரா?"

"அவங்க எப்படி இருக்காங்கன்னு தெரிஞ்ச ஆள் நீங்கதானே? வக்கீலா இருந்துகிட்டே அதே கேஸ்ல சாட்சி சொல்ல முடியாது. அதனாலதான் முதல்ல உங்களை விடுவிக்க வேண்டியிருந்துச்சு."

வக்கீல் அத்தையைப் பார்த்தார். அத்தை பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"உண்மையைச் சொன்னாப் போதும் மாப்பிள்ளை" என்றார். "எனக்கு எழுபத்திரண்டு ஆகுது. முட்டி இன்னும் தாங்குது. ரெண்டு வருஷம் கழிச்சு அந்த வீடு கிடைச்சு எனக்கு என்ன பிரயோஜனம்? தூக்கிட்டுப் போய்த்தான் வைக்கணும்."

சொன்னது சாதாரணமாகத்தான். வக்கீலுக்கு அன்று முழுக்க வேறு எந்த வழக்குக் கட்டிலும் மனசு ஒட்டவில்லை.

புதிய வக்கீலிடம் போன வழக்கு விறுவிறுவென்று ஓடியது. அடுத்த விசாரணையிலேயே அத்தையின் வாக்குமூலம் தாக்கலாயிற்று. சாட்சிகள் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கக் கூடாது என்பதால், அத்தை கூண்டில் ஏறிய நாளில் வக்கீல் வெளியே வராந்தாவில் நிற்க வேண்டியதாயிற்று. வாழ்நாளெல்லாம் உள்ளே நின்று தேதி வாங்கியவர், அன்றைக்குச் சாட்சியோடு சாட்சியாகத் தூணில் சாய்ந்து நின்றார். போகிற வருகிற வக்கீல்கள் எல்லாம், "என்ன, உங்க கேஸே உங்களை வெளிய அனுப்பிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அசடு வழியச் சிரித்து வைத்தார். உள்ளே அத்தை என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை. தன்னைக் குறை சொல்லுவாரோ என்பது ஒரு பயம். சொல்லாமல் விட்டு வழக்கைத் தோற்றுவிடுவாரோ என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. இந்த இரண்டாவது பயம் எப்போது உள்ளே நுழைந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

பிறகு அவர் முறை வந்தது. கூண்டில் ஏறினார். பிரமாணம் எடுத்தார். முன்னாள் ஜூனியர் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகவே பதில் சொன்னார். வீட்டில் இருப்பது ஒரு அறையும் சமையலறையும் கூடமும். கூடம்தான் காலையில் அவருக்கு இன்னொரு ஆபீஸ். அத்தைக்குக் கட்டில் போட்டிருப்பதும் அதே கூடத்தில். விடியும் முன்பே கட்சிக்காரர்கள் கதவைத் தட்டுவார்கள் என்பதால் அத்தை படுக்கையைச் சுருட்டிவிட்டுச் சமையலறையில் போய் உட்காருவார். உடம்பு முடியாத நாளில்கூட அப்படித்தான். இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார் என்பது அவர் சொல்லச் சொல்லத்தான் அவருக்கே புரிந்தது. குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. "கொஞ்சம் சத்தமா" என்றார் நீதிபதி.

கண்ணாடிக்காரரின் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். பழைய சிநேகிதம், சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"இந்த வழக்கில் போன மாசம் வரைக்கும் மனுதாரருக்கு வக்கீல் நீங்கதானே?"

"ஆமா."

"சாட்சியத்துக்கு எடுத்த வாய்தா அத்தனையும் மனுதாரர் தரப்பில் கேட்டதுதானே? நாங்க ஒண்ணாவது கேட்டோமா?"

"இல்லை. நாங்கதான் கேட்டோம்."

"வீடு இல்லாம கஷ்டப்படுறவங்க இத்தனை வருஷம் வாய்தா கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்களா? அவங்களுக்கு வீடு உண்மையிலேயே வேணும்னா இத்தனை தேதி எதுக்கு?"

பெஞ்சுகளில் இருந்த வக்கீல்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கேள்வி கெட்டிக்காரக் கேள்விதான். இதற்குப் பதில் வராவிட்டால் அத்தையின் தேவை பொய் என்று ஆகும், வழக்கு அத்தோடு சரி. உடம்பு சரியில்லை, ஆவணம் கிடைக்கவில்லை என்கிற பழைய காரணங்கள் எல்லாம் வக்கீலின் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. அவற்றைச் சொன்னால் அவர் மானம் தப்பும்.

முன்னாள் ஜூனியர் எழுந்தாள். "வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவில் நடந்ததைக் கேட்கக் கூடாது."

"கட்சிக்காரர் சம்மதிச்சா சொல்லலாம்" என்றார் நீதிபதி.

அத்தை முன் பெஞ்சிலிருந்து எழுந்து, "சொல்லட்டுங்க" என்றார்.

வக்கீல் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அந்தத் தேதி எதையும் அவங்க கேட்கச் சொல்லல. ஒவ்வொரு தடவையும் நான் கிளம்புறப்போ, இன்னைக்கு முடிச்சிடுங்க மாப்பிள்ளைன்னுதான் சொல்லி அனுப்புவாங்க. நானாத்தான் கேட்டேன்."

"எதுக்கு?"

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகக் கண்ணாடிக்காரரின் வக்கீல் பின்னால் எத்தனை தடவை தன்னையே நொந்துகொண்டாரோ, தெரியாது.

"கேஸ் முடிஞ்சா அவங்க போயிடுவாங்க" என்றார் வக்கீல். "சாயங்காலம் வீட்டுக்குப் போனா நான் பேசுறதைக் கேட்க வேற ஆள் இல்லை. அதான்."

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது. அது வக்கீல் ஊரே கேட்கும்படி சொன்ன முதல் வாதம், அதுவும் தனக்கு எதிராக. நீதிபதி அதை வரி பிசகாமல் எழுதிக்கொண்டார். அன்றைக்கு வக்கீல் யாரையும் பார்க்காமல் இறங்கி, ஸ்கூட்டரைக்கூட எடுக்காமல், வீடுவரை நடந்தே போனார்.

சாயங்காலம் டீ வந்தது. அத்தை எதிரில் உட்கார்ந்தார். எப்போதும் கேட்கிற கேள்வியை அன்றைக்குக் கேட்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்பதைத்தான் அத்தையே கேட்டுக்கொண்டிருந்தாரே! டீ ஆறியதும் அத்தை அதை எடுத்துப்போய்ச் சுட வைத்துக்கொண்டு வந்து மறுபடி வைத்தார்.

தீர்ப்பு அத்தை பக்கம் வந்தது. தாமதத்துக்கு மனுதாரர் காரணம் இல்லை என்று சாட்சியே ஒப்புக்கொண்டிருக்கிறார், அவருடைய தேவை உண்மையானது என்று நீதிபதி படித்தார். வக்கீல் கடைசி பெஞ்சில் கவுன் இல்லாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சந்தோஷமா துக்கமா என்று பிரித்துச் சொல்ல அவருக்கு வராது.

கண்ணாடிக்காரரின் வக்கீல் எழுந்தார். பிள்ளைகளின் படிப்பு, புது வீடு தேடுவது என்று அடுக்கி, காலி செய்ய ஒரு வருஷம் அவகாசம் வேண்டும் என்றார்.

"மூணு மாசம் தரலாம்னு நினைச்சேன்" என்றார் நீதிபதி. "மனுதாரர் தரப்பில் என்ன சொல்றீங்க?"

முன்னாள் ஜூனியர் குனிந்தாள். அத்தை அவள் காதில் ஏதோ சொன்னார். அவள், 'நிஜமாகவா?' என்பதுபோல் பார்த்தாள். அத்தை திரும்பிக் கடைசி பெஞ்சை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஆட்சேபணை இல்லைங்க" என்றாள் அவள், மனசில்லாமல். "ஒரு வருஷமே தரலாம்னு சொல்றாங்க."

யாருக்காக அந்த ஒரு வருஷம் என்று அத்தையைத் தவிர கடைசி பெஞ்சில் இருந்தவருக்குத்தான் தெரியும். இன்னும் ஒரு வருஷம் டீ, இன்னும் ஒரு வருஷம் கேரம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், கேட்காமலேயே தேதி மடியில் வந்து விழுந்துவிட்டது. அப்போதுதான், உத்தரவைக் கேட்க எழுந்த அத்தை மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவர் பார்த்தார். இடது முட்டியை மடக்க முடியாமல் அத்தை காலை ஓரமாக நீட்டி வைத்திருந்தார்.

வக்கீல் எழுந்தார். "எனக்கு ஆட்சேபணை இருக்கு."

ஹாலே திரும்பிப் பார்த்தது. தேதி வக்கீல் ஒரு தேதிக்கு ஆட்சேபணை சொல்வதை அந்தக் கோர்ட் அதற்கு முன் கேட்டதில்லை.

நீதிபதி கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "நீங்க இந்த வழக்குல யார் சார்பில் பேசுறீங்க?"

வக்கீலிடம் இப்போது வக்காலத்து இல்லை, சாட்சி சொல்லி முடிந்துவிட்டது. "யார் சார்பிலும் இல்லைங்க" என்றார். "மூணு மாசம் போதும். அவங்களால நிக்க முடியல."

"வீட்டு விஷயத்தை வீட்ல பேசிக்குங்க. உட்காருங்க" என்றார் நீதிபதி.

அவர் உட்காரவில்லை. அத்தைதான் உட்கார்ந்தார். உட்கார்ந்து, முன்னாள் ஜூனியரின் கவுனைப் பிடித்து இழுத்து, "அவர் சொல்றபடியே போட்டுடச் சொல்லும்மா" என்றார். சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

மூன்று மாதம் என்று உத்தரவாயிற்று. வக்கீல் வெளியே வந்து வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் பார்க்கப் பார்க்க, குழந்தை மாதிரி அழுதார்.